மேலாளர் மிரட்டமாட்டார், திருத்தித் தருவார்

கேள்வி: நான் ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதாநாயகி ஒரு நிறுவனத்தின் உள்தணிக்கைப் பிரிவில் வேலை செய்கிறாள். அறிக்கை வெளியாவதற்கு முன்பு, அதிலுள்ள ஒரு குறையை மென்மையாக்கி எழுதும்படி ஒரு மூத்த மேலாளர் நெருக்குகிறார். என் வரைவில் அவர் அவளைத் தன் அறைக்கு அழைத்து, வேலை போய்விடும் என்று மிரட்டுகிறார். அவள் ராஜினாமா கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியேறுகிறாள். தணிக்கைத் துறையில் இருக்கும் என் நண்பர் படித்துவிட்டு, "இப்படி யாரும் மிரட்டுவதில்லை. அவள் கையில் என்ன இருக்கிறது என்பதே கதையில் இல்லை" என்று சொல்லிவிட்டார். உண்மையில் இது எப்படி நடக்கும்? ராஜினாமாவைத் தவிர அவளுக்கு வேறு வழி உண்டா?

பதில்: உங்கள் நண்பர் சொன்னது சரி. அந்த இடத்தில் இருக்கும் மேலாளருக்குக் குரலை உயர்த்த வேண்டிய தேவையே இல்லை. வரைவு அறிக்கையைக் கணினியில் திறப்பார். நான்கு இடங்களில் திருத்துவார். "இப்படி எழுதினாலும் நீங்கள் சொல்லவந்தது அதேதானே?" என்று ஒரு வரி சேர்த்துத் திருப்பி அனுப்புவார். நெருக்கடி முழுவதும் அந்தத் திருத்தங்களுக்குள்தான் இருக்கும். ஆகவே உங்கள் கதையின் முக்கியக் காட்சியை அவருடைய அறையிலிருந்து அறிக்கையின் ஒரு பத்திக்கு மாற்றிவிடுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை.

களப்பணி முடிந்ததும் தணிக்கையாளர் வரைவு அறிக்கை எழுதி, தணிக்கைக்கு உட்பட்ட துறைக்கு அனுப்புவார். அவர்கள் பதில் எழுதுவார்கள். இரு தரப்பும் உட்கார்ந்து பேசும் நிறைவுக் கூட்டம் ஒன்று நடக்கும். அதன்பிறகுதான் இறுதி அறிக்கை வெளியாகும். வரைவுக்கும் இறுதிக்கும் நடுவே உள்ள இந்த நாட்கள் விவாதத்துக்கென்றே ஒதுக்கப்பட்டவை. துறைக்காரர்கள் மறுப்பதும், புதிய ஆவணங்களைக் காட்டுவதும், "இந்தச் சொல் எங்களுக்கு அநியாயம்" என்று வாதாடுவதும் அவர்களுடைய உரிமை. முறையான மறுப்பும் முறையற்ற நெருக்கடியும் ஒரே வாசல் வழியாக, ஒரே மரியாதையான மொழியில் வந்து சேர்வதால்தான் இந்தச் சிக்கல் இவ்வளவு கடினமாக இருக்கிறது. எது எது என்று பிரித்தறிவதுதான் உங்கள் கதாநாயகியின் வேலை.

அவளுக்கு ஒரு திட்டவட்டமான குறையைக் கொடுங்கள். "முறைகேடு" என்று பொதுவாக எழுதினால் வாசகருக்கு எதுவும் புலப்படாது. நான் ஒன்று தருகிறேன், பல நிறுவனங்களில் பார்க்கக்கூடியதுதான். பராமரிப்பு வேலைகளை ஒப்பந்ததாரருக்குக் கொடுக்கும்போது, குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும், மேலதிகாரிகள் குழுவின் ஒப்புதலும் வேண்டும். அந்த வரம்புக்குக் கீழே இருந்தால் மேலாளரே கையெழுத்திடலாம். கதாநாயகி 40 பணி ஆணைகளை எடுத்துச் சோதிக்கிறாள். அவற்றில் 14 ஆணைகள் ஐந்து தொகுப்புகளாகச் சேர்கின்றன. ஒவ்வொரு தொகுப்பிலும் ஒரே ஒப்பந்ததாரர், ஒரே இடம், ஒரே வாரம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே வரம்புக்குக் கீழே. தொகுப்பாகக் கூட்டினால் ஐந்துமே வரம்பைத் தாண்டுகின்றன. கையெழுத்து எல்லாவற்றிலும் ஒருவருடையது.

அவள் வரைவில் இப்படி எழுதுகிறாள்: "சோதித்த 40 பணி ஆணைகளில் 14, ஒப்புதல் வரம்பைத் தவிர்ப்பதற்காக வேண்டுமென்றே பிரிக்கப்பட்டுள்ளன. இதனால் மூன்று கொட்டேஷன் பெறும் விதி மீறப்பட்டுள்ளது. தரநிலை: உயர்."

மேலாளர் அனுப்பும் நான்கு திருத்தங்கள் இவை. "வேண்டுமென்றே" என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும். "40இல் 14" என்பதை "சில ஆணைகள்" என்று மாற்ற வேண்டும். "விதி மீறப்பட்டுள்ளது" என்பதற்குப் பதிலாக "ஆவணப்படுத்துதல் மேம்படுத்தப்பட வேண்டும்" என்று எழுத வேண்டும். குறை எவ்வளவு தீவிரமானது என்பதைக் காட்டும் தரநிலையை "உயர்" என்பதிலிருந்து "நடுத்தரம்" என்று இறக்க வேண்டும்.

உங்கள் கதை இங்கே ஒரு நல்ல திருப்பத்தை எடுக்கலாம். முதல் திருத்தத்தில் மேலாளர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஆணைகள் பிரிந்திருப்பதை அவள் பார்த்தாள், தேதிகளைப் பார்த்தாள், கையெழுத்தைப் பார்த்தாள். அவர் மனத்தில் என்ன நினைத்துக் கையெழுத்திட்டார் என்பதை அவள் பார்க்கவில்லை. நோக்கத்தைக் காட்டும் மின்னஞ்சலோ, யாருடைய வாக்குமூலமோ அவளிடம் இல்லை. "வேண்டுமென்றே" என்பதும் "தவிர்ப்பதற்காக" என்பதும் சான்று இல்லாத சொற்கள், எடுத்துவிட வேண்டியவை. நல்ல தணிக்கையாளர் இதைத் தயங்காமல் எடுப்பார். எடுத்த பிறகு அந்த வாக்கியம் இன்னும் வலுவாகிவிடும் என்பதையும் கவனியுங்கள். "ஒரே ஒப்பந்ததாரருக்கு, ஒரே இடத்துக்கு, ஒரே வாரத்தில் வழங்கப்பட்டவை, கூட்டினால் ஒவ்வொரு தொகுப்பும் வரம்பைத் தாண்டுகிறது" என்று மட்டும் எழுதினால் அதை யாராலும் மறுக்க முடியாது. படிப்பவர் தாமாகவே முடிவுக்கு வருவார்.

மற்ற மூன்று திருத்தங்களும் வேறு வகை. இவற்றைச் சோதிக்க எனக்குத் தெரிந்த மிக எளிய வழி ஒன்று உண்டு. திருத்தத்துக்குப் பின் அறிக்கையைப் படிக்கும், இயக்குநர் குழுவைச் சேர்ந்த தணிக்கைக் குழு உறுப்பினர், திருத்தத்துக்கு முன் கேட்டிருக்கக்கூடிய அதே கேள்வியைக் கேட்பாரா? "40இல் 14" என்று படித்தவர், "மொத்தம் எத்தனை ஆணைகள் கொடுத்தோம், மீதியில் எத்தனை இப்படி இருக்கும்?" என்று உடனே கேட்பார். "சில ஆணைகள்" என்று படித்தவர் பக்கத்தைத் திருப்பிவிடுவார். "ஆவணப்படுத்துதல் மேம்படுத்தப்பட வேண்டும்" என்ற வாக்கியம் இன்னும் மோசம். வேலை சரியாக நடந்தது, காகிதம் மட்டும் குறைவு என்ற பொருளை அது தருகிறது. இங்கே காகிதங்கள் எல்லாம் முழுமையாக இருந்தன, நடந்த வேலையில்தான் குறை. இந்த மாற்றத்துக்கு மென்மை என்று பெயர் கொடுப்பது தவறு, இது வேறொரு குறையை எழுதுவது.

தரநிலையைப் பற்றி வெளியாட்களுக்கு அவ்வளவாகத் தெரியாது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பல நிறுவனங்களில் "உயர்" என்று குறிக்கப்பட்ட குறை மட்டுமே தணிக்கைக் குழுவின் முன் முழு வாசகத்தோடு போகும். "நடுத்தரம்" என்றால் ஓர் அட்டவணையில் எண்ணிக்கையாக மட்டும் நிற்கும். சரிசெய்வதற்கான கெடுவும் வேறுபடும். சில இடங்களில் அந்த மேலாளரின் ஆண்டு மதிப்பீட்டிலேயே "உயர்" குறைகளின் எண்ணிக்கை சேர்க்கப்படும். அதனால்தான் வாசகத்தில் எவ்வளவோ விட்டுக்கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் இந்த ஒரு சொல்லுக்காகக் கடைசிவரை போராடுவார்கள். உங்கள் மேலாளரும் அப்படித்தான் பேசுவார்: "வாசகத்தை நீங்கள் விரும்பியபடியே வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. நடுத்தரம் என்று மட்டும் போட்டுவிடுங்கள். இந்தக் காலாண்டில் எனக்கு இது மூன்றாவது." அவர் குரலில் உண்மையான களைப்பு இருக்கட்டும். அவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியம் கதைக்கு இல்லை. இயந்திரங்களை நிற்காமல் ஓட்டுவதற்காக நாள் முழுக்க அலைபவராகவும் அவர் இருக்கலாம்.

தரநிலையை எப்படி நிர்ணயிப்பது என்பது களப்பணி தொடங்கும் முன்பே எழுதிவைக்கப்பட்டிருக்கும். "ஒப்புதல் அதிகாரத்தை மீறிய செயல், ஒன்றுக்கு மேற்பட்ட முறை நடந்திருந்தால் உயர்" என்று அந்த அளவுகோல் சொன்னால், அவள் அதைத்தான் பார்க்க வேண்டும். யாருக்கு இது எத்தனையாவது குறை என்பது அந்த அளவுகோலில் இல்லை.

இப்போது உங்கள் கதையின் நடுப்பகுதிக்கு வருகிறேன். நிறைவுக் கூட்டத்தில் மேலாளர் ஓர் ஆவணத்தைக் காட்டுகிறார். ஐந்து தொகுப்புகளில் ஒன்று, மூன்று ஆணைகள் கொண்டது, பம்பு அறையில் தண்ணீர் புகுந்த நாளில் கொடுக்கப்பட்டது. பழுதுப் பதிவேட்டில் அன்றைய தேதியில், அன்றைய ஷிப்ட் பொறுப்பாளரின் கையெழுத்தோடு பதிவு இருக்கிறது. முன்னும் பின்னும் உள்ள வரிகள் வரிசை மாறாமல் இருக்கின்றன. அவசர வேலைக்குக் கொட்டேஷன் தேவையில்லை என்று விதியே விலக்குத் தருகிறது. அவள் அந்த மூன்றையும் நீக்கிவிட வேண்டும். 14 என்பது 11 ஆகிறது, ஐந்து தொகுப்புகள் நான்காகின்றன. எண் குறைந்துவிட்டதே என்று வாசகர் நினைக்கலாம். சான்று மாறியதால் எண் மாறியது, அவ்வளவுதான். நீக்கியதற்கான காரணத்தையும் பதிவேட்டின் பக்கத்தின் படியையும், தன் சோதனைகளையும் முடிவுகளையும் பதிந்துவைக்கும் பணித்தாளில் சேர்த்துவிட்டால் நாளை யார் கேட்டாலும் பதில் இருக்கும்.

மறுநாள் மீதி நான்கு தொகுப்புகளுக்கும் "அவசரம்" என்று நான்கு குறிப்புகள் வருகின்றன. இந்த இடத்தை நிதானமாக எழுதுங்கள், தணிக்கையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு குறிப்பிலும் வேலை தொடங்குவதற்கு முந்தைய நாளின் தேதி இருக்கிறது. அவள் பழுதுப் பதிவேட்டைப் பார்க்கிறாள், அந்த நாட்களில் எந்தப் பதிவும் இல்லை. உற்பத்திப் பதிவைப் பார்க்கிறாள், பழுதானதாகச் சொல்லப்படும் இயந்திரம் அன்று முழு ஷிப்டும் ஓடியிருக்கிறது. பிறகு மூன்றாவது குறிப்பை இன்னொரு முறை படிக்கிறாள். "ஒப்பந்ததாரரின் இந்த எண்ணுள்ள பில்லின்படி வேலை அவசரமாக ஒப்படைக்கப்படுகிறது" என்று அதில் இருக்கிறது. அந்த பில், வேலை முடிந்து இரண்டு வாரம் கழித்து வந்தது. வேலை தொடங்கும் முன் எழுதப்பட்ட குறிப்புக்கு இன்னும் பிறக்காத பில்லின் எண் எப்படித் தெரியும்?

உங்கள் கதாநாயகி அந்தத் தாளோடு மேலாளரின் அறைக்குப் போய்க் கேள்வி கேட்கக் கூடாது. கதைக்கு அது கவர்ச்சியாக இருக்கும், வேலைக்கு அது தவறு. பழைய தேதி போட்டு எழுதியதாகத் தெரியும் ஆவணம் வந்த நிமிடத்திலிருந்து விஷயத்தின் தன்மையே மாறிவிட்டது. ஒப்புதல் வரம்பு பற்றிய குறை ஒரு பக்கம் இருக்க, தணிக்கைக்குப் பொய்யான சான்று தரப்பட்டதா என்ற கேள்வி எழுந்துவிட்டது. அதை யார் எழுதினார்கள் என்றுகூட அவளுக்கு இன்னும் தெரியாது, மேலாளருக்குக் கீழே உள்ள ஓர் எழுத்தர் பயத்தில் எழுதியிருக்கலாம். அவள் செய்ய வேண்டியது மூலத்தாளை வந்தபடியே பத்திரப்படுத்துவது, அது வந்த மின்னஞ்சலை அழியாமல் சேமிப்பது, அன்றைக்கே உள்தணிக்கைத் தலைவரிடம் எழுத்தில் தெரிவிப்பது. அதன் மேல் விசாரணை வேண்டுமா என்பது அவருடைய முடிவு.

தலைவர் என்றதும் உண்மையான நெருக்கடி எந்த வழியில் வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அனுபவமுள்ள மேலாளர் இளைய தணிக்கையாளரிடம் ஒரு முறைதான் பேசுவார். அடுத்த தொலைபேசி அழைப்பு அவளுடைய தலைவருக்குப் போகும். மாலையில் தலைவர் அவளைக் கூப்பிட்டு, "நடுத்தரம் என்று போட்டால் என்ன குறைந்துவிடும்? அடுத்த முறையும் இவர்களிடம்தான் நாம் தரவு கேட்டுப் போக வேண்டும்" என்பார். மேலாளரின் வார்த்தைகளைவிட இந்த வார்த்தைகள் அவளுக்கு அதிகம் வலிக்கும், ஏனென்றால் இவர்தான் அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர்.

இந்தக் காட்சியில் அவள் கையில் என்ன இருக்கிறது என்பதைத்தான் உங்கள் நண்பர் கேட்டார். முதலில் ஒரு வரம்பைப் புரிந்துகொள்ளுங்கள். இறுதி அறிக்கைக்குப் பொறுப்பானவர் தலைவர். தரநிலையை மாற்றும் அதிகாரம் அவருக்கு உண்டு, அவள் அதைத் தடுக்க முடியாது. ஆனால் பணித்தாளை எழுதியவள் அவள். அதில் அவள் எந்த அளவுகோலின்படி "உயர்" என்று முடிவு செய்தாள் என்பது தேதியோடு இருக்கிறது. மேலே உள்ளவர் மாற்றினால், மறுஆய்வுக் குறிப்பில் அவர் தன் காரணத்தை எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஆகவே அவள் சண்டை போட வேண்டாம். இப்படிக் கேட்டால் போதும்: "சரி சார், மாற்றிவிடுகிறேன். எந்தக் காரணத்துக்காக மாற்றினோம் என்று மறுஆய்வுக் குறிப்பில் நீங்கள் எழுதிவிடுங்கள். பின்னால் யாராவது கேட்டால் நமக்கு வேண்டியிருக்கும்."

மரியாதையான, நியாயமான வேண்டுகோள் அது. நேர்மையான காரணம் இருந்தால் தலைவர் இரண்டு வரியில் எழுதிவிடுவார், அவளும் கற்றுக்கொள்வாள். காரணம் தொலைபேசி அழைப்பு மட்டுமே என்றால் அவருடைய பேனா நின்றுவிடும். "அவர் கேட்டுக்கொண்டதால் குறைத்தேன்" என்று எந்தத் தணிக்கைத் தலைவரும் தன் கையால் எழுதமாட்டார். உங்கள் கதையின் உச்சக்கட்டத்தை நான் இந்த மௌனத்தில்தான் வைப்பேன்.

தலைவருக்கும் ஒரு துணை இருக்கிறது. உள்தணிக்கைப் பிரிவு அன்றாட நிர்வாகத்தில் தலைமை நிர்வாகிக்குக் கீழே இருந்தாலும், தணிக்கை சார்ந்த விஷயங்களில் இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழுவுக்கு நேரடியாகப் பதில் சொல்லும்படி அமைக்கப்படுவது இந்த நாட்களுக்காகத்தான். இந்தத் தொழிலுக்கான விதித்தொகுப்பாக 2025 ஜனவரி 9 முதல் நடைமுறையில் இருக்கும் உலகளாவிய உள்தணிக்கைத் தரநிலைகளில் 1.1 என்று எண்ணிடப்பட்ட விதியே நேர்மையையும் தொழில்முறைத் துணிவையும் பற்றியது. இந்தத் தொழிலில் திறமைக்கும் முன்னால் துணிவைக் கேட்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் மேலே சொன்ன தொலைபேசி அழைப்பு மாதிரியானவைதான்.

மேலாளருக்கும் ஒரு கண்ணியமான வழி இருக்கிறது, அதை அவள் அவருக்குக் காட்டலாம். அறிக்கையில் ஒவ்வொரு குறைக்கும் கீழே "நிர்வாகத்தின் பதில்" என்று ஒரு பகுதி உண்டு. அதில் அவர் தன் சொற்களில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம்: ஒப்புதல் குழு மாதம் ஒரு முறைதான் கூடுகிறது, அதுவரை இயந்திரங்கள் காத்திருக்க முடியாது, வரம்பே பழையது, உயர்த்த வேண்டும். தணிக்கையாளர் அதில் ஒரு எழுத்தையும் மாற்றாமல் அச்சிடுவார். சொல்லப்போனால், குறையின் உண்மையான காரணம் அங்கேதான் வெளியாகும். ஒப்புதல் குழு வாரம் ஒரு முறை கூடினால் ஆணைகளைப் பிரிக்க வேண்டிய நிர்ப்பந்தமே பாதி குறைந்துவிடும். "சில ஆணைகள், ஆவணக் குறைபாடு" என்று எழுதியிருந்தால் இந்தத் தீர்வு யார் மனத்திலும் உதித்திருக்காது. அந்த மேலாளருக்கே அதனால் நஷ்டம்.

உலகம் அறிந்த ஒரு நிகழ்வையும் பாருங்கள். 2002இல் அமெரிக்காவின் வேர்ல்ட்காம் நிறுவனத்தில் சிந்தியா கூப்பர் உள்தணிக்கைத் துணைத் தலைவராக இருந்தார். மூலதனச் செலவுக் கணக்குகளை அவருடைய குழு தோண்டத் தொடங்கியபோது, நிதித் தலைவர் ஸ்காட் சல்லிவன் அவரிடம் கேட்டது, அந்தத் தணிக்கையை அடுத்த காலாண்டுக்குத் தள்ளிப்போடும்படிதான். கொஞ்சம் தாமதம், அவ்வளவே. கூப்பர் தள்ளிப்போடாமல் தணிக்கைக் குழுவின் தலைவரிடம் போனார். அந்த ஜூன் மாத இறுதியில் 380 கோடி டாலருக்கும் மேற்பட்ட செலவுகள் தவறாகக் கணக்கிடப்பட்டிருந்ததாக நிறுவனமே அறிவித்தது. அவ்வளவு பெரிய விஷயத்திலும் நெருக்கடி வந்தது ஒரு சாதாரண வேண்டுகோளின் வடிவத்தில்தான் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ராஜினாமாவுக்கு வருகிறேன். அதை நீக்கிவிடும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவள் போய்விட்டால் பணித்தாளைப் பற்றிக் கேள்வி கேட்க யாரும் இருக்கமாட்டார்கள், அந்தப் பத்தி அன்று மாலையே மாறிவிடும். ராஜினாமா சரியான முடிவாகும் சூழல் ஒன்று உண்டு: தலைவரும் மறைக்கிறார், தணிக்கைக் குழுவும் கேட்க மறுக்கிறது, அவள் பெயரில் பொய்யான அறிக்கை போகப்போகிறது என்ற நிலை. அதற்கு முன்னால் அவளுக்கு இத்தனை படிகள் இருக்கின்றன. உங்கள் கதையில் அவள் முதல் படியிலேயே கதவைத் திறந்துகொண்டு போய்விடுகிறாள்.

என் கணக்கில் இறுதி அறிக்கை இப்படி வெளியாகும்: "சோதித்த 40 பணி ஆணைகளில் 11, நான்கு தொகுப்புகளாக, ஒரே ஒப்பந்ததாரருக்கு ஒரே வாரத்தில் ஒரே இடத்துக்கு வழங்கப்பட்டவை, கூட்டினால் ஒவ்வொரு தொகுப்பும் ஒப்புதல் வரம்பைத் தாண்டுகிறது, மூன்று கொட்டேஷன் பெறப்படவில்லை. தரநிலை: உயர்." கீழே மேலாளரின் பதில், அவருடைய சொற்களில். நான்கு குறிப்புகள் பற்றிய விவரம் தனி உறையில் தணிக்கைக் குழுவின் தலைவருக்கு. கதாநாயகிக்குப் பாராட்டு எதுவும் வராது, அடுத்த வாரம் வேறொரு துறைக்குக் களப்பணிக்கு அனுப்புவார்கள். அங்கே அவளுக்கு முன்பே செய்தி போயிருக்கும், சிலர் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். சில மாதம் கழித்துத் தொடர்தணிக்கைக்காக அவள் மீண்டும் பராமரிப்புப் பிரிவுக்கு வந்து, புதிய பணி ஆணைகளின் கோப்பைக் கேட்க வேண்டியிருக்கும். அதை எடுத்துக் கொடுக்க வேண்டியவர் அதே மேலாளர்தான். அந்தச் சந்திப்பில் அவர்கள் இருவரும் என்ன பேசிக்கொள்வார்கள் என்பதை நீங்கள்தான் எழுத வேண்டும்.